சித்திர வெயில்ல ஒரு கிலோ ஐஸ்: அந்த 128 எங்க இருந்து வந்துச்சு

எங்க அக்கா மவன் பிளஸ் ஒன் படிக்கான், போன சித்திரைல ஒரு நாயித்துக்கெழம மத்தியானம் நோட்டத் தூக்கிட்டு பாளையங்கோட்டைல எங்க வீட்டுக்கு வந்தான். கணக்கு இதுதான்: 1 கிலோ ஐஸ் 0 டிகிரில இருக்கு, ரூம் 32 டிகிரி, ஐஸ் முழுசா உருகுது. அமைப்போட, அதாவது ஐஸோட என்ட்ரோபி மாற்றம் எவ்ளோ, சூழலோடது, அதாவது ரூமோடது எவ்ளோ, ரெண்டும் சேந்த அண்டத்தோடது எவ்ளோ, இது தன்னிச்சையா நடக்குமா நடக்காதா. அவன் போட்டு வச்சிருந்த விடை அமைப்புக்கு கூட்டல் 1095, சூழலுக்கு கழித்தல் 1095, மொத்தம் சைபர். "மாமா, சைபர்னா சமநிலைன்னுல்லா புத்தகத்துல இருக்கு, அப்போ ஐஸ் உருகவே கூடாதே, ஆனா உருகுதே"ன்னு கேட்டான். விடை தப்புன்னு அவனே கண்டுபுடிச்சிட்டான், எங்க தப்புன்னுதான் தெரியல. எனக்கு அந்தக் கேள்வி ரொம்ப புடிச்சிப் போச்சி, ஏன்னா இந்த ஒரு தப்புக்குள்ளதான் மொத்த விஷயமும் ஒளிஞ்சி கெடக்கு.

நோட்டுல பேசிட்டு இருக்கதுக்கு பதிலா நேரா செஞ்சே பாத்துருவோம்னு தெருமுக்கு சர்பத் கடைல போயி, "அண்ணாச்சி, ரெண்டு கிலோ ஐஸ் உடச்சி தாங்க"ன்னு வாங்கிட்டு வந்தோம். அண்ணாச்சி மரத்தூளுக்குள்ள கெடந்த பாருல இருந்து வெட்டி, கொஞ்சம் மரத்தூளும் ஒரு சாக்குத் துண்டும் சேத்தே குடுத்தாவ. ஐஸ் உண்மையிலேயே 0 டிகிரிலதான் இருக்கான்னு மொதல்ல பாக்கணும். ஐஸ் கம்பெனில இருந்து நேரா வர்ற கட்டி சைபருக்கு கீழ நல்ல குளுந்து இருக்கலாம், அப்போ மேல வெள்ளையா பூத்துப் போயி இருக்கும், ஈர வெரல வச்சா ஒட்டும். கடையில ரொம்ப நேரம் கெடந்த கட்டி கண்ணாடி மாதிரி ஈரமா வழுக்கும். எங்களது வழுக்குச்சி, கீழ வடிஞ்ச தண்ணில தெர்மாமீட்டர வச்சா சைபருக்கும் ஒண்ணுக்கும் நடுவுல நின்னுச்சு. சரி, கணக்குல சொன்ன மாதிரிதான் இருக்கு.

ஒரு கிலோவ எவர்சில்வர் தட்டுல வச்சி ஃபேன் காத்துல விட்டோம், இன்னொரு கிலோவ மரத்தூள் போட்டு சாக்குல சுத்தி ஒரு வாளிக்குள்ள வச்சி மூலைல தள்ளிட்டோம். மணி அப்போ ஒண்ணு. செவுத்துல தொங்குன தெர்மாமீட்டர் 32.

இப்போ கணக்கு. ஐஸ் உருக ஒரு கிலோவுக்கு 334 கிலோஜூல் வெப்பம் வேணும், அது உள்ள போற வரைக்கும் ஐஸ் சைபரத் தாண்டாது. எவ்ளோ சூடு குடுத்தாலும் தெர்மாமீட்டர் அசையாம நிக்கிற இந்த சங்கதிய 1760-கள்ல ஜோசப் பிளாக்னு ஒரு ஸ்காட்லாந்து ஆளு அளந்து சொன்னாரு, உள்ளுறை வெப்பம்னு நாம படிக்கது அதுதான். வெப்பத்த வெப்பநிலையால வகுத்தா என்ட்ரோபி மாற்றம், ஆனா எந்த வெப்பநிலைங்கிறதுலதான் என் மருமவன் சறுக்கிட்டான். ரூம் 32 டிகிரி, அதாவது 305 கெல்வின், கணக்குல அந்த ஒரு வெப்பநிலதான் பெருசா கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு, அதையே ரெண்டு எடத்துலயும் போட்டுட்டான். வெப்பத்த வாங்குற ஐஸு 305-ல இல்லியே. அது வாங்கும்போதும் 273-லதான் இருக்கு, வாங்கி முடிச்சி தண்ணியா ஆனப்பவும் 273-லதான் இருக்கு. குடுக்குற ரூம்தான் 305-ல இருக்கு.

```
ΔS(ஐஸ்)     = +334000 / 273 = +1223 J/K
ΔS(ரூம்)    = −334000 / 305 = −1095 J/K
ΔS(அண்டம்)  = 1223 − 1095   = +128 J/K
```

இத எழுதிக் காட்டுனதும் அவன் ஒடனே அடுத்த கேள்வி கேட்டான், "மாமா, என்ட்ரோபிக்கு மீள் முறைல போற வெப்பத்தத்தான வகுக்கணும்னு டெஃபனிஷன்ல இருக்கு, இங்க ஐஸ் ரூம்ல கெடந்து உருகுறது மீள் முறையே இல்லியே"ன்னு. சரியான கேள்வி. என்ட்ரோபி நிலைச்சார்பு, ஆரம்ப நிலையும் கடைசி நிலையும் ஒண்ணா இருந்தா எந்த வழில போனாலும் மாற்றம் ஒண்ணுதான். அதனால மனசுக்குள்ள ஒரு மீள் வழியக் கட்டலாம்: சைபருக்கு மயிரிழை மேல இருக்க ஒரு பெரிய தண்ணித் தொட்டிக்குள்ள ஐஸ வச்சதா நெனச்சுக்கோ, அங்க மெதுவா மெதுவா உருகும், தொட்டிய மயிரிழை குளுர வச்சா திரும்ப ஒறஞ்சிரும், அதுதான் மீள் முறை. அந்த வழில போற வெப்பமும் 334 கிலோஜூல்தான், வெப்பநிலை 273. அப்போ 1223 வந்துருச்சா. இந்த 1223 ஐஸுக்கு எப்பவும் ஒரே கணக்குதான், அது எங்க வீட்டு தட்டுல உருகுனாலும் சரி, தாமிரபரணில தூக்கிப் போட்டாலும் சரி, மாறவே மாறாது. மாறுறது சூழலோட பங்கு மட்டுந்தான்.

ரூம் பக்கம் 305-ன்னு ஒரே நம்பரால வகுக்கலாமாங்கிறதும் கேக்க வேண்டிய விஷயந்தான், நெறைய பேரு கேக்காமலே தாண்டிப் போயிருதாவ. எங்க ரூம் பத்துக்குப் பன்னெண்டு, பத்தடி ஒசரம், உள்ள இருக்க காத்து சுமாரா நாப்பது கிலோ இருக்கும். ஒரு கிலோ ஐஸுக்கு வேண்டிய வெப்பத்த அந்தக் காத்து மட்டுமே குடுக்கணும்னா காத்து எட்டு டிகிரிக்கு மேல குளுந்து போயிருக்கும். ஆனா தெர்மாமீட்டர் 32-ஐ விட்டு அசையல, ஏன்னா செவுரு, தரை, கட்டிலு, அதுக்கு வெளிய சித்திர வெயிலு எல்லாம் சேந்து காத்துக்கு வெப்பத்த ஈடு கட்டிட்டே இருக்கு. அதனால சூழல்னா காத்து மட்டும் இல்ல, இத்தனையும் சேந்த பெரிய தேக்கம். இதே ஐஸ ஒரு சின்னப் பானை சர்பத்துக்குள்ள போட்டா இந்த கணக்கு செல்லாது, பானையே குளுந்துக்கிட்டு போவும், அங்க மாறுற வெப்பநிலைக்கு லாக் போட்டுத்தான் கணக்கு பண்ணணும்.

சரி, இப்போ எனக்கு ரொம்பப் புடிச்ச பகுதிக்கு வாறேன். ரூம் எழந்தது 1095, ஐஸ் வாங்குனது 1223. வெப்பத்தப் பாத்தா குடுத்ததும் 334, வாங்குனதும் 334, ஒரு ஜூல் கூட வழியில கூடவும் இல்ல கொறையவும் இல்ல. ஆனா என்ட்ரோபி மட்டும் கெளம்பும்போது 1095, சேரும்போது 1223. நடுவுல 128 எங்க மொளச்சிச்சி?

ஐஸுக்குள்ள மொளைக்கல. ஐஸும் தண்ணியும் ஒட்டியிருக்க அந்த பரப்புல ரெண்டும் 273-ல சமநிலைலதான் இருக்கு, அங்க உருகுறது கிட்டத்தட்ட மீள் முறைதான். ரூமுக்குள்ள தூரத்துலயும் மொளைக்கல, அங்க எல்லாம் 305-தான். மொளைக்கிறது ரெண்டுக்கும் நடுவுல, ஐஸ ஒட்டி கெடக்க மெல்லிசான குளுந்த காத்துப் படலத்துல. அது கண்ணுக்குத் தெரியாதேன்னு மருமவன் சொன்னான், அதனால கொஞ்ச நேரம் ஃபேன நிறுத்திட்டு ஒரு ஊதுபத்திய ஏத்தி ஐஸ் பக்கத்துல கொண்டு போனோம். வழக்கமா மேல போற பொகை ஐஸ ஒட்டி கீழ வழுக்கி தட்டு வெளிம்பு தாண்டி எறங்குச்சு. அந்தப் படலந்தான் 305-க்கும் 273-க்கும் நடுவுல இருக்க படிக்கட்டு.

படிக்கட்டுன்னு சும்மா சொல்லல, கணக்காவே போட்டுப் பாக்கலாம். படலத்த எட்டு எட்டு டிகிரியா நாலு படியா நெனச்சுக்கோங்க. அதே 334 கிலோஜூல் 305-ல இருக்கும்போது 1095, 297-க்கு எறங்கும்போது 1125, 289-ல 1156, 281-ல 1189, கடைசில 273-ல 1223. ஒவ்வொரு படி எறங்கும்போதும் வெப்பம் அதேதான், வகுக்குற நம்பர் கொறையுது, ஈவு கூடுது. ஒவ்வொரு படிலயும் முப்பது சொச்சம் மொளைக்குது, நாலையும் கூட்டுனா 128. கவனிச்சுப் பாத்தா கீழ்ப்படில கொஞ்சம் கூடுதலா மொளைக்குது, ஒரே எட்டு டிகிரிதான்னாலும் குளுந்த பக்கம் அந்த எட்டுக்கு கனம் ஜாஸ்தி. இந்த நாலு வரிய எழுதி முடிச்சதும் பய நோட்டையே பாத்துட்டு இருந்தான், "அப்போ உருகுறதால என்ட்ரோபி மொளைக்கல, வெப்பம் கீழ எறங்குறதாலதான் மொளைக்குதா மாமா"ன்னான். ஆமா, இந்த கேஸ்ல அதுதான். அமைப்பு ஒழுங்குல இருந்து ஒழுங்கில்லாத நிலைக்குப் போவுது அதனால உருகுதுன்னு மட்டும் எழுதி நிறுத்திட்டா பாதிதான் சொன்ன மாதிரி, ஏன்னா அது 1223-ங்கிற ஒரு நம்பரப் பத்தி மட்டும் பேசுது, தெசையத் தீர்மானிக்கது 128.

அத சோதிக்க சுலபமான வழி இருக்கு. சூழலோட வெப்பநிலைய மட்டும் மாத்திப் பாருங்க. 20 டிகிரி ரூம்னா, 334000-ஐ 293-ஆல வகுத்தா 1140, மொத்தம் கூட்டல் 83. 1 டிகிரி ரூம்னா மொத்தம் கூட்டல் நாலரை மாதிரி வரும், ரொம்ப சின்னதுதான் ஆனா கூட்டல்தான், அங்கயும் உருகும். 0 டிகிரின்னா ரெண்டும் 1223, மொத்தம் சைபர், ஐஸும் தண்ணியும் அப்படியே சேந்து கெடக்கும். மருமவன் நோட்டுல வந்த சைபர் இந்த எடத்துக்குத்தான் சரி. 32 டிகிரி ரூமுக்கு அந்த விடை வந்தா, ரெண்டு எடத்துலயும் ஒரே வெப்பநிலையால வகுத்துருக்கோம்னு ஒடனே புரிஞ்சிக்கலாம். அதே மாதிரி கழித்தல் வந்தா பெரும்பாலும் டிகிரிய கெல்வினா மாத்தாம 32-ஆல வகுத்துருப்பாவ, அப்போ சூழலுக்கு பத்தாயிரத்துக்கு மேல வந்து நிக்கும்.

இன்னும் கீழ போவோம், ஃப்ரீசர், மைனஸ் 10, அதாவது 263. 0 டிகிரில இருக்க ஒரு கிலோ தண்ணி அங்க ஒறையுது. தண்ணியோட என்ட்ரோபி 1223 கொறையுது, ஆனா வெளிய விடுற 334 கிலோஜூல் 263-ல இருக்க ஃப்ரீசருக்குள்ள போவுது, அது வாங்குறது 1270. மொத்தம் கூட்டல் 47. அமைப்போட என்ட்ரோபி கொறஞ்சும் தானா நடக்கு. என் மருமவனுக்கு ரொம்ப நாளா இருந்த சந்தேகம் இதுதான், என்ட்ரோபி எப்பவும் கூடும்னு சொல்லுதாவளே, அப்போ தண்ணி எப்படி ஐஸாவுதுன்னு. அண்டத்தோட என்ட்ரோபிதான் கூடணும், அமைப்போடது எப்படி வேணும்னாலும் போலாம். என்ட்ரோபிங்கிற பேர 1865-ல வச்ச கிளாசியஸும் எப்பவும் கூடும்னு சொன்னது மொத்தத்தத்தான்.

இதுக்குள்ள மணி மூணரை ஆயிட்டு, தட்டுல இருந்த ஐஸ் முழுசா உருகிட்டு. மூலைல இருந்த சாக்கப் பிரிச்சிப் பாத்தா முக்கால்வாசிக்கு மேல அப்படியே இருந்துச்சு, அதுவும் ராத்திரி பத்து மணி தாண்டித்தான் முழுசா உருகுச்சு. இங்க ஒரு கேள்வி வச்சேன்: சாக்குக்குள்ள இருந்த ஐஸுக்கு அண்டத்தோட மாற்றம் எவ்ளோ? பய யோசிச்சி, மெதுவா உருகுது, அதனால கம்மியாத்தான் இருக்கும்னான். இல்ல, அதே 128. ரூம் 305, ஐஸ் 273, வெப்பம் 334, மூணும் மாறலியே. மாறுனது படிக்கட்டு இருக்க எடம், காத்துப் படலத்துல இருந்த படி இப்போ மரத்தூளுக்குள்ள நீண்டு கெடக்கு. தன்னிச்சைங்கிற வார்த்தைய கேட்டதும் சட்டுன்னு நடக்கும்னு மனசு நெனச்சிருது, ஆனா 128 சொல்றது தெசைய மட்டுந்தான், வேகத்த இல்ல. சர்பத் கடை அண்ணாச்சி சாக்கும் மரத்தூளும் வச்சி தெசைய மாத்தல, நேரத்த வாங்குதாவ.

தட்டுத் தண்ணிய அப்படியே விட்டா அது 32-க்கு வர்ற வரைக்கும் இன்னும் கொஞ்சம் மொளைக்கும். அந்த பகுதில தண்ணியோட வெப்பநிலை ஏறிட்டே போறதால நேரா வகுக்க முடியாது, லாக் போடணும்: 4180-ஐ 305/273-ஓட லாகால பெருக்குனா 463, ரூம் எழக்குறது 439, கூடுதலா ஒரு 25. உருகி, சூடாகி ரூமோட ஒண்ணாவுற வரைக்கும் மொத்தம் 153. கேள்வில "உருகுது"ன்னு மட்டும் இருந்தா 128-லயே நிறுத்திரணும், "ரூம் வெப்பநிலைக்கு வருது"ன்னு இருந்தா இதையும் சேக்கணும். பரிட்சைல இந்த ஒரு வரிய படிக்காம மார்க்க விடுற பிள்ளைகள நெறைய பாத்துருக்கேன், மனசு கஷ்டமா இருக்கும்.

அப்புறம் நாங்க எதிர்பாக்காத ஒண்ணு. உருகி முடிச்ச ஒடனே தட்டத் தராசுல வச்சா ஒரு கிலோவுக்கு மேல 34 கிராம் கூட காட்டுச்சு. தராசு தப்புன்னு நெனச்சி திரும்ப வச்சோம், அதேதான். அது காத்துல இருந்த ஈரம், சொம்புல குளுந்த தண்ணி வச்சா வெளிய வேர்க்குமே அதே சங்கதி. ஆவி தண்ணியாவும்போது ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் 2.5 கிலோஜூல் விடும், 34 கிராமுக்கு 85, அதாவது ஐஸ் வாங்குன வெப்பத்துல கால்வாசி வெறுங்காத்து சூட்டுல இருந்து வரல, ஆவில இருந்து வந்துருக்கு. அந்த கால்வாசிக்கு 305-ஆல வகுக்கிறது சரியா வராது, அந்த ஆவி தண்ணியா மாற ஆரம்பிக்குற வெப்பநிலைய, அதாவது பனிநிலைய வச்சித்தான் வகுக்கணும். அன்னைக்கு அது 23 டிகிரின்னு வச்சிக்கிட்டா 296 கெல்வின், அப்போ மொத்தம் 128-ல இருந்து 120 பக்கம் எறங்கும். படிக்கட்டுல அந்த பங்கு மேல்படில இருந்து கெளம்பல, ஒரு படி கீழ இருந்து கெளம்புது, அவ்ளோதான் வித்தியாசம். புத்தகக் கணக்கு காஞ்ச காத்த நெனச்சிக்கிட்டு போட்டது, தப்பு இல்ல, ஆனா நம்ம ஊரு காத்துல அளந்து பாக்குறவங்க தராசையும் பக்கத்துல வச்சிக்கிடணும்.

கடைசியா அவன் கேட்டது, "சரி மாமா, 128-ன்னு கண்டுபுடிச்சாச்சு, கூட்டல்னா நடக்கும் கழித்தல்னா நடக்காது, அதுக்கு மேல அந்த நம்பருக்கு ஏதும் அர்த்தம் உண்டா"ன்னு. உண்டு. 128-ஐ 305-ஆல பெருக்கு. 39 கிலோஜூல். உருகுன அந்தத் தண்ணிய இதே ரூம்ல திரும்ப 0 டிகிரி ஐஸாக்கணும்னா ஃப்ரிட்ஜு குடுக்க வேண்டிய ஆகக் கொறஞ்ச வேலை அது. எப்படின்னா, தண்ணில இருந்து 334-ஐ உருவி ரூமுக்குள்ள தள்ளுனா ரூம் வாங்குறது 1095-தான், தண்ணி எழக்குறதோ 1223, மொத்தம் கழித்தல் 128, தானா நடக்காது. கரண்ட்டுல இருந்து இன்னும் ஒரு 39 கிலோஜூல சேத்து ரூமுக்குள்ள கொட்டுனாத்தான் 373-ஐ 305-ஆல வகுத்து 1223 வரும், பாக்கி சைபராவும். அவன் புத்தகத்துல ΔG, அதாவது கிப்ஸ் ஆற்றல் மாற்றம்னு அடுத்த பக்கத்துல வாறதும் இதே 39-தான், முன்னால ஒரு கழித்தல் குறி போட்டு.

39 கிலோஜூல்னா கரண்ட் பில்லு கணக்குல ஒரு யூனிட்டுல நூத்துல ஒரு பங்கு மாதிரி. நெசமான ஃப்ரிட்ஜு இத மாதிரி சில மடங்கு இழுக்கும், ஏன்னா அதுக்குள்ளயும் படிக்கட்டு இருக்கு: பின்னால இருக்க கம்பிவலை ரூம விட சூடா இருந்தாத்தான் வெப்பம் வெளிய போவும், உள்ள இருக்க குழாய் மைனஸ் பத்தையும் விட குளுந்து இருந்தாத்தான் தண்ணில இருந்து வெப்பம் வரும், ரெண்டு பக்கமும் என்ட்ரோபி மொளைக்கத்தான் செய்யும். மருமவன் எந்திரிச்சிப் போயி எங்க ஃப்ரிட்ஜுக்குப் பின்னால கைய வச்சிப் பாத்தான். "சுடுது மாமா"ன்னுட்டு வந்து, நோட்டுல ஐஸுக்குப் போட்ட அந்த மொதல் வரில 305-ஐ மட்டும் அடிச்சி 273-ன்னு திருத்தி எழுதுனான்.